தங்கமா, எஃப்.டி.யா, நிலமா? 20 வருஷத்தில் ஒரு நாஞ்சில் நாட்டுக் குடும்பத்துக்கு எது எப்போது கைகொடுத்தது?

2005-ம் ஆண்டின் நடுவில் ஒரு பவுன் ஆபரணத் தங்கம் சுமார் 5,000 ரூபாய். 2025 அக்டோபரில் அதே பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், 20 வருஷமாக வங்கியில் பணம் போட்டவருக்கு வயிறு எரியத்தான் செய்யும். "அன்னைக்கே எல்லாத்தையும் பொன்னா வாங்கிப் போட்டிருக்கலாம்" என்ற பேச்சு இப்போது கல்யாண வீடுகளில் சாதாரணம். பக்கத்திலேயே இன்னொருவர், "அன்னைக்கு ரோட்டோரம் அஞ்சு சென்ட் வாங்கியிருந்தா இன்னைக்கு நிலைமையே வேற" என்பார்.

இரண்டு பேரும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் இருவருமே ஒரு கேள்வியைக் கேட்பதில்லை. இந்த 20 வருஷத்தில் வீட்டுக்கு அவசரமாகப் பணம் தேவைப்பட்ட நாளில் எது கைக்கு வந்தது? சேமிப்பு என்பது கடைசி நாளில் எத்தனை மடங்கு ஆனது என்பது மட்டுமல்ல. நடுவில் வந்த செலவுக்கு எதை விற்றோம், எதை விற்காமல் தப்பினோம் என்பதில்தான் பாதி லாபம் இருக்கிறது.

இதைப் புரிந்துகொள்ள, தோவாளை வட்டத்தில் வாழும் ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். 2005-ல் அவர்களிடம் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. பெண் குழந்தைக்கு 4 வயது. அண்ணாச்சிக்கு நிலத்தில் ஆசை, வீட்டம்மாவுக்குத் தங்கத்தில் நம்பிக்கை, பாட்டாவுக்கு வங்கிதான் பத்திரம். சண்டை வேண்டாம் என்று ஆளுக்கு ஒரு லட்சமாகப் பிரித்துப் போடுகிறார்கள். குடும்பம் கற்பனைதான். தங்க விலை, வட்டி, சட்டம் எல்லாம் நிஜம்.

பாட்டாவின் ஒரு லட்சம்: வங்கி டெபாசிட்

பாட்டா 5 வருஷ எஃப்.டி. போட்டு, முதிர்ந்ததும் வட்டியோடு சேர்த்து மறுபடியும் 5 வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொண்டே வருகிறார். 2005-ல் பெரிய பொதுத்துறை வங்கிகளில் வட்டி 6 சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2010-ல் ஏழரை, 2015-ல் எட்டு என்று ஏறி, கொரோனா வந்த 2020-ல் ஐந்தரைக்குக் கீழே இறங்கியது. இந்த நான்கு தவணைக்கும் 6.25, 7.5, 8, 5.5 என்று தோராயமாக வைத்துக் கணக்குப் போட்டால், 2025-ல் ஒரு லட்சம் சுமார் 3.85 லட்சம் ரூபாய் ஆகியிருக்கும். வருஷத்துக்குச் சராசரியாக 7 சதவீதம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே 20 வருஷத்தில் விலைவாசி சுமார் மூன்றரை மடங்கு ஏறிவிட்டது. 2005-ல் ஒரு லட்சத்துக்கு வாங்கிய சாமான்களை இன்றைக்கு வாங்க ஏறக்குறைய மூன்றரை லட்சம் வேண்டும். ஆக, பாட்டாவின் பணம் வளரவில்லை, தேயாமல் இருந்தது. அவ்வளவுதான்.

அதுவும் வரி கட்டாத வீட்டுக்குத்தான். எஃப்.டி. வட்டி ஒவ்வொரு வருஷமும் வருமானத்தோடு சேர்த்து வரிக்கு உட்படும். 20 சதவீத வரிப் படியில் இருக்கும் அரசு ஊழியரோ ஆசிரியரோ இதே எஃப்.டி.யைப் போட்டிருந்தால், 7 சதவீதம் கைக்கு வரும்போது 5.6 சதவீதமாகிவிடும். அப்படியானால் 20 வருஷ முடிவில் சுமார் 3 லட்சம்தான். விலைவாசியோடு ஓடிய ஓட்டத்தில் அவர் பின்தங்கிவிட்டார்.

அப்புறம் ஏன் பாட்டா வங்கியை விடமாட்டேன் என்கிறார்? அதற்குப் பதில் கொஞ்ச நேரத்தில் வரும். அதற்கு முன், எந்த வங்கி என்ற கேள்வி இந்த மாவட்டத்துக்கு ரொம்ப முக்கியம்.

நாஞ்சில் நாடு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த பகுதி. 1938-ல் அந்தச் சமஸ்தானத்தின் பெரிய வங்கியான திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி பணம் கொடுப்பதை நிறுத்தி மூடப்பட்டது. அன்றைக்கு டெபாசிட் போட்டவர்களுக்கு எந்தக் காப்பீடும் கிடையாது. டெபாசிட் காப்பீடு இந்தியாவில் வந்தது 1962-ல்தான். இப்போது ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. இந்த வரம்பு ஒரு லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது 2020 பிப்ரவரியில்.

இதில் கவனிக்க வேண்டியது, இந்தக் காப்பீடு வங்கிகளுக்கு மட்டும்தான். நிதி நிறுவனம், சீட்டுக் கம்பெனி, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கம் ஆகியவற்றில் போடும் டெபாசிட்டுக்குக் கிடையாது. 2017-ல் கேரள எல்லையை ஒட்டிய மத்தம்பாலையில் ஒரு நிதி நிறுவனம் மூடப்பட்டபோது, குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரம் பக்கமும் ஏராளமான குடும்பங்கள் பணத்துக்காகத் தெருவில் நின்றன. வங்கியை விட 3, 4 சதவீதம் வட்டி அதிகம் என்றால், அந்தக் கூடுதல் வட்டி இந்த ஆபத்துக்கான கூலி. இரண்டையும் எஃப்.டி. என்ற ஒரே பெயரில் சொல்வதுதான் சிக்கல்.

வீட்டம்மாவின் ஒரு லட்சம்: தங்கம்

பவுன் 5,000 என்றால் ஒரு லட்சத்துக்கு 20 பவுன் வர வேண்டும். வரவில்லை. வாங்கியது நாணயம் இல்லை, நகை. சேதாரம், செய்கூலி என்று 10 சதவீதம் போனது என்று வைத்துக்கொண்டால் கைக்கு வந்தது சுமார் 18 பவுன்.

2025 அக்டோபரில் பவுன் 90,000 என்றால் 18 பவுனுக்கு 16.2 லட்சம். எஃப்.டி.யைப் போல நான்கு மடங்குக்கும் மேல். இதில் சந்தேகமே இல்லை, இந்த 20 வருஷத்தில் தங்கம்தான் ஓங்கி நின்றது.

ஆனால் அந்த 16.2 லட்சம் அப்படியே கிடைக்குமா? 2005-ல் வாங்கிய பல நகைகளில் ஹால்மார்க் கிடையாது. கே.டி.எம். என்று சொல்லி 22 காரட் விலைக்கு விற்றது, உருக்கிப் பார்த்தால் 20 காரட்தான் இருக்கும். அப்படி ஆனால் 18 பவுன் நகையில் 22 காரட் தங்கம் சுமார் 16.4 பவுன்தான். 16.2 லட்சம் 14.7 லட்சமாகிவிடும். கல் வைத்த நகை என்றால் கல்லின் எடையும் கழியும். விற்கும் அன்றைக்குத்தான் இந்த நஷ்டம் தெரியும் என்றாலும், அது நடந்தது வாங்கிய அன்றைக்கே.

பழைய நகை வைத்திருப்பவர்கள் விற்கும் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஹால்மார்க் மையத்தில் கட்டணம் கொடுத்து சோதித்தால் எத்தனை காரட் என்று தெரிந்துவிடும். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகள் விற்கும் ஹால்மார்க் நகையில் 6 இலக்க அடையாள எண் கட்டாயம். புதிதாக வாங்குபவர்கள் அந்த எண்ணையும் 916 முத்திரையையும் பார்த்து, பில்லைப் பத்திரமாக வைத்துக்கொண்டால் 20 வருஷம் கழித்து இந்தப் பேச்சே வராது.

வரியும் உண்டு. இரண்டு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த தங்கத்தை விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. ஒரு லட்சத்துக்கு வாங்கியதை 16.2 லட்சத்துக்கு விற்றால் வரி கிட்டத்தட்ட 2 லட்சம் ரூபாய் வரலாம். வேறு வருமானம் குறைவாக இருந்தால் இது குறையும். மகளுக்கு நகையாகவே கொடுத்தால் அந்த நேரத்தில் வரி இல்லை.

சரி, இவ்வளவு கழித்தும் தங்கமே மேல் என்றால் எல்லாப் பணத்தையும் தங்கத்தில் போடலாமா? இங்கேதான் 20 வருஷக் கணக்கு நம்மை ஏமாற்றுகிறது.

தங்கம் வருஷா வருஷம் ஒரே சீராக ஏறவில்லை. 2024 ஜனவரியில் பவுன் சுமார் 47,000. அங்கிருந்து 90,000-க்குப் போனது இரண்டு வருஷத்துக்குள். அதாவது 2005 முதல் ஏறிய மொத்த ரூபாயில் பாதி, கடைசி 22 மாதத்தில் வந்தது. கல்யாணத்தை 2023-ல் வைத்த வீட்டுக்கு இந்தப் பாதி கிடைக்கவே இல்லை.

இதற்கு நேர்மாறான காலமும் இருந்தது. 2012 கடைசியில் பவுன் சுமார் 24,000. 'இனி இறங்கவே இறங்காது' என்று அப்போதும் சொன்னார்கள். 2015 நடுவில் 19,000 பக்கத்தில் வந்து நின்றது. மறுபடி 24,000-ஐத் தொட 2018 கடைசி ஆகிவிட்டது. ஆறு வருஷத்தில் லாபம் பூஜ்ஜியம். அதே ஆறு வருஷம், 2012-ல் கிடைத்த எட்டரை சதவீத வட்டியில் எஃப்.டி. போட்டவரின் ஒரு லட்சம் சுமார் 1.65 லட்சம் ஆனது.

2012-ல் வாங்கி 2018-ல் மகன் படிப்புக்காக விற்றவரைக் கேட்டால், தங்கம் மோசம் என்பார். 2005-ல் வாங்கி 2025-ல் விற்றவரைக் கேட்டால், தங்கம்தான் தெய்வம் என்பார். இரண்டும் ஒரே உலோகம்தான். விற்கும் தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி ஒருவருக்கு இருந்தது, இன்னொருவருக்கு இல்லை.

அண்ணாச்சியின் ஒரு லட்சம்: நிலம்

நிலத்துக்குத் தங்கம் மாதிரி ஊருக்கெல்லாம் ஒரே விலை கிடையாது. நாகர்கோவிலில் ரோட்டோரம் ஒரு விலை, அதே ரோட்டிலிருந்து உள்ளே 200 மீட்டர் போனால் வேறு விலை, பூதப்பாண்டிப் பக்கம் வயலோரம் இன்னொரு விலை. அதனால் 'நிலம் 20 வருஷத்தில் இத்தனை மடங்கு' என்று யார் சொன்னாலும் அது அவர் பார்த்த ஒரு துண்டு நிலத்தின் கதை.

இதற்கு ஒரு எளிய வழி இருக்கிறது. கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம்.

2005-ல் சென்ட் 20,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்திரச் செலவு, எழுத்துக்கூலி, தரகு எல்லாம் சேர்த்து 10 ஆயிரம் போக, 90,000 ரூபாய்க்கு நாலரை சென்ட் கிடைக்கிறது. இந்த நாலரை சென்ட் 2025-ல் எஃப்.டி.யைத் தொட வேண்டுமானால் சென்ட் சுமார் 85,000 ரூபாய்க்குப் போக வேண்டும். தங்கத்தைத் தொட வேண்டுமானால் சென்ட் சுமார் 3.6 லட்சத்துக்குப் போக வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், 2005-ல் வாங்கிய நிலம் இன்று 4 மடங்குக்கு மேல் போனால் எஃப்.டி.யை வென்றது. 18 மடங்கு போனால்தான் தங்கத்தை வென்றது. உங்கள் ஊரில் 2005-ல் வாங்கிய பத்திரத்தை எடுத்து, இன்றைய விலையை வைத்துப் பார்த்தால் உங்கள் நிலம் எந்தப் பக்கம் என்று இரண்டு நிமிஷத்தில் தெரிந்துவிடும். இன்றைய விலை என்றால் தரகர் சொல்லும் விலை இல்லை. பக்கத்து நிலம் கடைசியாக எந்த விலைக்குக் கைமாறியதோ, அது.

நாகர்கோவில் நகராட்சி 2019-ல் மாநகராட்சி ஆனது. நகரம் விரிந்த பக்கங்களில் 18 மடங்கைத் தாண்டிய நிலங்கள் இருக்கலாம். நகரம் வராத பக்கத்தில் வாங்கியவருக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. நிலத்தில் கிடைத்த லாபம் பெரும்பாலும் ரோடு எந்தப் பக்கம் போனது என்பதன் லாபம்.

நிலத்துக்கு ஒரு பலமும் உண்டு. அது சும்மா இருக்காது. தென்னை நின்றால் தேங்காய், வயல் என்றால் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம், வீடு என்றால் வாடகை. இந்த வருமானத்தைச் சேர்த்துப் பார்க்காமல் நிலத்தைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் நாலரை சென்ட் வெறும் மனைக்கு இதெல்லாம் கிடையாது. வேலி கட்டுவதும் முள் வெட்டுவதும்தான் மிச்சம்.

நிலத்தின் உண்மையான பிரச்சினை விலை இல்லை. நினைத்த நாளில் விற்க முடியாது என்பதுதான்.

2016 செப்டம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. விளைநிலங்கள் கணக்கில்லாமல் பிளாட்டுகளாக மாறுவதைத் தடுப்பது இதன் நோக்கம். தமிழ்நாடு முழுக்கப் பத்திரப்பதிவு ஸ்தம்பித்தது. நடுவில் சில வாரம் தளர்வு வந்து, மறுபடி தடை வந்து, 2017 மே மாதம் வரன்முறை விதிகள் வந்த பிறகுதான் வழி திறந்தது. ஏறக்குறைய எட்டு மாதம். வயலில் மண் அடித்துப் போட்ட பிளாட்டுகள் நிறைந்த நாஞ்சில் நாட்டில் இது எத்தனை பேரைப் பாதித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2016 அக்டோபர் 20-க்கு முன்பே மனையாகப் பதிவான இடங்களை இப்போது மறுபடி விற்கலாம். ஆனால் கட்டணம் கட்டி வரன்முறை செய்யாவிட்டால் வீடு கட்ட அனுமதி கிடைக்காது, வங்கிக் கடனும் கிடைக்காது. வாங்குபவர் இதைச் சொல்லியே விலையைக் குறைப்பார்.

இன்னொன்று வாரிசுச் சிக்கல். நாஞ்சில் நாட்டுக்கு இது புதிதல்ல. மருமக்கள் வழிச் சொத்துரிமை இருந்த காலத்தில் வீட்டுக்கு வீடு நடந்த பாகத் தகராறுகளைக் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை ஒரு முழு நூலாகவே பாடி வைத்தார். இன்று அந்த முறை இல்லை. ஆனால் தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கும் நிலம் ஏராளம். மகன், மகள், இறந்துபோனவரின் பிள்ளைகள் என்று அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். ஒருவர் வெளிநாட்டில் இருந்தாலோ ஒருவர் கோபத்தில் இருந்தாலோ நிலம் அப்படியே கிடக்கும்.

அந்த ஒரு நாள்: 2016 டிசம்பர்

இப்போது கற்பனைக் குடும்பத்துக்குத் திரும்புவோம். 2016 டிசம்பரில் பாட்டாவுக்கு நெஞ்சுவலி. திருவனந்தபுரத்துக்குக் கொண்டு போகிறார்கள். உடனே ஆபரேஷன், 2 லட்சம் ரூபாய் வேண்டும்.

அண்ணாச்சியின் நிலம் அன்றைக்கு உதவாது. அங்கீகாரம் இல்லாத மனை, பதிவுக்குத் தடை. காகிதத்தில் எத்தனை லட்சம் இருந்தாலும் அந்த டிசம்பரில் அதன் மதிப்பு பூஜ்ஜியம். அட்வான்ஸ் வாங்கலாம் என்றால், நவம்பர் 8 அன்றுதான் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்திருந்தார்கள். வாங்குபவர் கையிலும் பணம் இல்லை.

தங்கத்தை விற்கலாம். அப்போது பவுன் சுமார் 21,000. 2 லட்சத்துக்கு ஒன்பதரை பவுன் போக வேண்டும். 18 பவுனில் பாதிக்கு மேல் போய்விடும். அன்றைக்கு விற்ற அந்த ஒன்பதரை பவுன் 2025-ல் இருந்திருந்தால் எட்டரை லட்சம் ரூபாய்.

தங்கத்தை அடகு வைக்கலாம். மதிப்பில் முக்கால் பங்கு கடன் என்றால் 2 லட்சத்துக்குச் சுமார் 13 பவுன் வைக்க வேண்டும். வருஷத்துக்கு 12 சதவீதம் வட்டி என்றால் 24,000 ரூபாய். திருப்பிவிட முடிந்தால் இது நல்ல வழி. வட்டி மட்டும் கட்டி மாற்றி வைத்துக்கொண்டே போய், ஒரு வருஷம் வட்டியும் கட்ட முடியாமல் போனால் ஏல நோட்டீஸ் வீட்டுக்கு வரும்.

மூன்றாவது வழி, பாட்டாவின் எஃப்.டி. அன்றைய தேதியில் அது சுமார் 2.2 லட்சம். பாதியில் உடைப்பதற்கு வட்டியில் ஒரு சதவீதம் போல வெட்டுவார்கள். பணமாக எடுக்க வாரத்துக்கு 24,000 ரூபாய் என்று கட்டுப்பாடு இருந்த நேரம்தான். ஆனால் ஆஸ்பத்திரிக் கணக்குக்கு வங்கி மூலம் நேரடியாக அனுப்பத் தடை இல்லை. அன்றைக்கே முடிந்துவிடும்.

எஃப்.டி.யை உடைத்ததால் என்ன நஷ்டம்? உடைக்காமல் விட்டிருந்தால் அந்த 2 லட்சம் 2025-ல் சுமார் மூன்றரை லட்சம் ஆகியிருக்கும். அதாவது ஒன்றரை லட்சம் வட்டி போச்சு. தங்கத்தை விற்றிருந்தால் போயிருப்பது ஆறரை லட்ச ரூபாய் ஏற்றம்.

பாட்டா ஏன் வங்கியை விடவில்லை என்பதற்குப் பதில் இதுதான். எஃப்.டி. பணத்தைப் பெருக்குவதற்கான இடம் இல்லை. கெட்ட நேரத்தில் தங்கத்தையும் நிலத்தையும் விற்காமல் காப்பாற்றும் காவல்காரன். குறைந்த வட்டி என்பது அந்தக் காவலுக்குக் கொடுக்கும் சம்பளம். வீட்டம்மாவின் 18 பவுன் 16 லட்சம் ஆனதில் பாட்டாவின் எஃப்.டி.க்கும் பங்கு உண்டு.

இன்னொரு நாள்: 2025, மகளுக்குக் கல்யாணம்

4 வயதில் இருந்த குழந்தைக்கு இப்போது 24. வரதட்சணை 1961 முதலே சட்டப்படி குற்றம். ஆனால் தன் பிள்ளைக்கு நகை போட வேண்டும் என்ற ஆசை எந்த வீட்டிலும் குறையவில்லை. இங்கே செலவு ரூபாயில் இல்லை, பவுனில் இருக்கிறது.

2005-ல் ஒரு லட்சத்துக்கு நாணயமாக 20 பவுன் வாங்கலாம். அதை எஃப்.டி.யில் போட்டு 3.85 லட்சமாக வளர்த்துக் கொண்டு 2025-ல் நகைக்கடைக்குப் போனால் 4 பவுன்தான் வரும். 20 பவுன் 4 பவுனாகச் சுருங்கிவிட்டது. பவுனில் வரப்போகும் செலவுக்கு ரூபாயில் சேமித்தால் இதுதான் நடக்கும்.

படிப்புக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் அப்படி இல்லை. அவை ரூபாயில் வருகின்றன, தேதியும் நம் கையில் இல்லை. அதற்குத் தங்கத்தை நம்பினால், 2015 மாதிரி ஒரு வருஷத்தில் மாட்டிக்கொள்ளலாம். நிலத்தை நம்பினால் 2016 மாதிரி ஒரு வருஷத்தில்.

அப்போ எதில் எவ்வளவு?

மூன்றில் எது உசத்தி என்று கேட்பதைவிட, நம் வீட்டில் வரப்போகும் செலவு எந்த வகை என்று பார்ப்பது பலன் தரும்.

தேதி தெரியாத அவசரத்துக்கும், 5 வருஷத்துக்குள் வரும் கட்டணத்துக்கும் வங்கி டெபாசிட். இதில் லாபம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரே பெரிய எஃப்.டி.யாகப் போடாமல் நான்கைந்து சின்ன எஃப்.டி.யாகப் போட்டால், தேவைக்கு ஒன்றை மட்டும் உடைக்கலாம். 5 லட்சத்துக்கு மேல் போனால் இன்னொரு வங்கியில் பிரித்துப் போடலாம்.

10 வருஷத்துக்கு அப்பால், நகையாகவே கொடுக்கப் போகும் செலவுக்குத் தங்கம். மொத்தமாக ஒரே நாளில் வாங்காமல் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால், 2012 மாதிரி உச்ச விலையில் மாட்டும் ஆபத்து குறையும். பிள்ளை சின்னதாக இருக்கும்போதே நகையாக வாங்கினால் டிசைன் பழசாகிவிடும், கல்யாணத்துக்கு மாற்றும்போது செய்கூலி இரண்டாவது முறையும் போகும். ஹால்மார்க் நாணயமாக வாங்கி வைத்தால் செய்கூலி ஒரு முறை மட்டும்தான் பெரிதாகப் போகும்.

விற்கும் அவசியமே வராத பணத்துக்கும், குடியிருக்கப் போகும் வீட்டுக்கும் நிலம். இன்றைக்கு வாங்குவதென்றால் முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் முதல் நாளே போய்விடும். பெண்கள் பெயரில் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பதிந்தால், 2025 ஏப்ரல் 1 முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறையும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் மூன்று விஷயம் பார்த்தே ஆக வேண்டும். வருவாய்த் துறை இணையதளத்தில் அ-பதிவேட்டை எடுத்துப் பார்த்து, நிலம் நன்செய் என்று இருந்தால் அதை மனையாக மாற்ற முறையான அனுமதி உண்டா என்று கேட்க வேண்டும். மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. அங்கீகாரமோ வரன்முறை உத்தரவோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, பட்டா விற்பவர் பெயரிலேயே இருக்கிறதா என்பது. 'பேரு மட்டும் மாத்தணும், அது ஒண்ணுமில்ல அண்ணாச்சி' என்று தரகர் சொன்னால், அந்த ஒண்ணுமில்லாத வேலையை விற்பவரே முடித்துக் கொடுத்த பிறகு அட்வான்ஸ் கொடுக்கலாம்.

கற்பனைக் குடும்பத்தின் கதை எப்படி முடிந்தது? 2016-ல் பாட்டாவின் எஃப்.டி. ஆபரேஷனுக்குப் போனது. அண்ணாச்சி வரன்முறைக் கட்டணம் கட்டி, மனைக்கு உத்தரவு வாங்கி வைத்திருக்கிறார். வீட்டம்மாவின் 18 பவுனும் அப்படியே மகளின் கழுத்துக்குப் போகிறது. மடங்குக் கணக்கில் பாட்டாவின் ஒரு லட்சம்தான் கடைசி இடம். ஆனால் அந்த டிசம்பரில் அது இல்லாமல் இருந்திருந்தால், மகள் கழுத்தில் இன்றைக்கு எட்டரைப் பவுன்தான் மிஞ்சியிருக்கும்.